குறைபாடுள்ள வினாநிரலை விமர்சிக்கும் தேர்வு விடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வு முறையியல் தாளில் ஒரு வகைக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் ஆய்வின் நோக்கத்தையும், அதற்காகத் தயாரித்த ஓட்டைகள் நிறைந்த வினாநிரலையும் கொடுத்து, “குறைகளைத் தீவிரத்தின் வரிசையில் காரணத்தோடு எழுதுக” என்பார்கள். குறைகளைக் கண்டுபிடிப்பதில் பெரும்பாலோருக்குச் சிரமமில்லை. வரிசையில்தான் மார்க் போகிறது. அதைப் பற்றி மாணவர்கள் என்னிடம் ஓயாமல் கேட்ட சந்தேகங்களை அவரவர் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களும் கீழே உள்ள மாதிரி வினாநிரலை வைத்தே நகர்வதால், முதலில் அதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

ஆய்வின் நோக்கம்: கல்லூரி மாணவர்கள் படுக்கப் போகும் முன் கைபேசி பார்க்கும் நேரத்துக்கும், அன்று இரவு அவர்கள் தூங்கும் நேரத்துக்கும் தொடர்பு உண்டா என்று அறிவது.

1. பெயர், பதிவு எண் (கட்டாயம்)
2. வயது: 17–18 / 18–20 / 20–22
3. நீங்கள் கைபேசியை அதிகம் பயன்படுத்துகிறீர்களா? ஆம் / இல்லை
4. இரவில் கைபேசி பார்ப்பது உடல்நலத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். நீங்கள் இதை ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா? ஆம் / இல்லை
5. கைபேசியால் உங்கள் தூக்கமும் படிப்பும் பாதிக்கப்படுகின்றனவா? ஆம் / இல்லை
6. கடந்த ஓராண்டில் சராசரியாக ஒரு இரவுக்கு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? ____
7. படுக்கையில் கைபேசி இல்லாமல் இருப்பது கடினமில்லை என்பதை நீங்கள் மறுக்கிறீர்களா? ஆம் / இல்லை
8. உங்கள் தூக்கத்தின் தரம்: மிக நன்று / நன்று / ஓரளவு நன்று / மோசம்

வினாநிரலைக் கையில வாங்கினதும் முதல்ல எதைப் பார்க்கணும்?

நோக்கத்தைப் பாருங்கள். அதில் அளக்க வேண்டிய மாறிகள் எவை என்று அடிக்கோடிடுங்கள். இங்கே இரண்டு இருக்கின்றன: படுக்கும் முன் கைபேசி பார்த்த நேரம், அன்று இரவு தூங்கிய நேரம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை அளக்கும் வினாவின் எண்ணைப் பென்சிலால் குறியுங்கள். தூக்க நேரத்துக்கு 6 என்று எழுதலாம். கைபேசி நேரத்துக்கு எதை எழுதுவீர்கள்? கிட்டத்தில் வருவது வினா 3 மட்டும்தான். அதில் இரவு என்ற சொல்லும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை. “அதிகம்” என்பதை ஒருவர் ஒரு மணி நேரமாகவும் இன்னொருவர் ஆறு மணி நேரமாகவும் எடுத்துக்கொள்வார்.

ஆக, ஆய்வின் இரண்டு மாறிகளில் ஒன்றை இந்த வினாநிரல் அளக்கவே இல்லை. முதல் வினாவிலிருந்து வரிசையாகக் குறை தேடிக்கொண்டு போகிறவர்களின் கண்ணில் இது படாது, ஏனென்றால் இந்தக் குறை எந்த வினாவுக்குள்ளும் இல்லை, விடுபட்டுப்போன வினாவில் இருக்கிறது. இதை முதல் இடத்தில் எழுதியவர் நோக்கத்தைப் படித்திருக்கிறார் என்பது திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

‘தீவிரம்’னா எதை வச்சு அளக்கறது? எனக்கு எல்லாமே பெரிய தப்பாத்தான் தெரியுது.

ஒவ்வொரு குறையிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள், இதே வரிசையில். முதலாவது: இந்தக் குறை மட்டும் இருந்து மற்றதெல்லாம் சரியாக இருந்தால், ஆய்வின் நோக்கத்துக்குப் பதில் கிடைக்குமா? கிடைக்காது என்றால் அது உச்சியில் நிற்க வேண்டிய குறை. இரண்டாவது: தரவு கைக்கு வந்த பிறகு இதைச் சரிசெய்ய வழி உண்டா? ஒரு வினாவைத் தூக்கிவிட்டாலோ, இரண்டு வகைகளைச் சேர்த்துவிட்டாலோ தீர்ந்துபோகும் குறை கீழே போகலாம். திரும்பவும் போய்க் கேட்டால்தான் தீரும் என்றால் அது மேலே வர வேண்டும்.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் நுட்பமானது. இந்தக் குறை பதில்களைச் சிதறடிக்கிறதா, ஒரே பக்கமாகத் தள்ளுகிறதா? சிதறல் என்றால் சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் குறைத்துச் சொல்வார்கள். அதில் இருக்கும் தொடர்பு மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரே பக்கச் சாய்வு என்றால் இல்லாத ஒன்று இருப்பதுபோலத் தெரியும், எத்தனை பேரைக் கூடுதலாகக் கேட்டாலும் அது சரியாகாது. அதனால் முதல் இரண்டு கேள்விகளில் சமமாக நிற்கும் குறைகளில், சாய்வை உண்டாக்குவதை மேலே வையுங்கள்.

அப்போ இந்த வினாநிரலுக்கு வரிசை என்ன? ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.

கைபேசி நேரத்தை அளக்காதது முதல் இடம். இரண்டாவது வினா 6. ஆய்வில் தூக்க நேரத்தைத் தருவது அது ஒன்றே, அதுவும் ஓராண்டு ஞாபகத்தை நம்பி நிற்கிறது. மூன்றாவது வினா 4. அது தன் பதிலைத் தானே சொல்லிக்கொடுப்பதோடு நிற்காமல், பின்னால் வரும் வினாக்களையும் கெடுக்கிறது. “கைபேசி கெடுதல்” என்று படித்துத் தலையாட்டியவர், அடுத்த வரியிலேயே “எனக்குப் பாதிப்பில்லை” என்று எழுதத் தயங்குவார். தூக்க நேரத்தை எழுதும்போதும் அந்த எச்சரிக்கை மனத்தில் இருக்கும்.

நான்காவது, பெயரும் பதிவு எண்ணும் கேட்பது. ஐந்தாவது வினா 5. அதற்குக் கீழே வினா 8, வினா 7. கடைசியில் வயது வகைகள். முதல் மூன்று இடங்கள் மாறினால் எனக்குச் சம்மதமில்லை. நான்கு முதல் ஏழு வரை உங்கள் காரணம் வலுவாக இருந்தால் முன்னே பின்னே வைக்கலாம்.

ஒரு வினாவுல ரெண்டு விஷயம் கேட்கறதை எல்லா நோட்ஸ்லயும் முதல் குறையா போட்டிருக்கே. அதை அஞ்சாவதுக்குத் தள்ளினா மார்க் குறையாதா?

காரணம் எழுதாமல் தள்ளினால் குறையும். வினா 5 மோசமான வினா என்பதில் சந்தேகமே இல்லை. ஒருவர் “ஆம்” என்றால் இரண்டும் பாதிக்கப்பட்டன என்று பொருளா, தூக்கம் மட்டுமா, படிப்பு மட்டுமா என்று பிரிக்க வழியில்லை. தூக்கம் மட்டும் கெட்டவர்களில் பாதிப் பேர் “ஆம்” என்றும் மீதிப் பேர் “இல்லை” என்றும் எழுதக்கூடும். அதற்கும் மேலே, காரணம் எது விளைவு எது என்று ஆய்வாளர் தரவிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியதை இந்த வினா பதிலளிப்பவரிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறது. இந்த இரண்டாவது குறையை எழுதுபவர்கள் மிகக் குறைவு. எழுதினால் விடை தனித்துத் தெரியும்.

ஆனால் மேலே சொன்ன முதல் சோதனையை வைத்துப் பாருங்கள். நோக்கம் இரண்டு நேரங்களுக்கு இடையிலான தொடர்பு. வினா 5-ஐ அப்படியே தூக்கிவிட்டாலும் அந்த நோக்கத்துக்கு நட்டமில்லை. வினா 6-ஐத் தூக்கினால் ஆய்வே இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களை எழுதிவிட்டால் ஐந்தாம் இடத்துக்குக் காரணம் சொன்னதாகிவிடும். நோக்கம் “கைபேசியின் பாதிப்பைப் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள்” என்று இருந்திருந்தால், இதே வினா 5 முதல் இடத்துக்கு வந்திருக்கும்.

ஒரு குறைக்கு எவ்வளவு எழுதணும்? ‘இது ஞாபகத்தை நம்பும் வினா’ன்னு பேர் சொன்னா போதாதா?

பெயர் சொல்வது பாடம் படித்ததைக் காட்டும், விமர்சனமாகாது. குறை எங்கே இருக்கிறது, அது பதிலளிப்பவரை என்ன செய்ய வைக்கிறது, அதனால் தரவுக்கு என்ன ஆகிறது, எப்படித் திருத்துவது என்ற நான்கும் வர வேண்டும். வினா 6-க்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

“வினா 6 ஓராண்டுச் சராசரியைக் கேட்கிறது. ஒவ்வோர் இரவும் தூங்கிய நேரத்தை யாரும் ஓராண்டு நினைவில் வைத்திருப்பதில்லை. பதிலளிப்பவர் 7, 8 போன்ற வழக்கமான முழு எண்ணை ஊகித்து எழுதுவார். இதனால் மாணவர்களுக்கு இடையே உள்ள உண்மையான வேறுபாடு மறைந்து, தொடர்பு இருந்தாலும் பலவீனமாகவே தெரியும். மேலும், நோக்கம் ‘அன்று இரவு’ தூங்கிய நேரத்தைப் பற்றியது. ஓராண்டுச் சராசரியை எந்தக் குறிப்பிட்ட இரவோடும் இணைக்க முடியாது. திருத்தம்: ‘நேற்று இரவு எத்தனை மணிக்குத் தூங்க முயன்றீர்கள்?’, ‘தூக்கம் வர ஏறத்தாழ எத்தனை நிமிடம் ஆனது?’, ‘இன்று எத்தனை மணிக்கு விழித்தீர்கள்?’ என்று பிரித்து, தொடர்ந்து ஏழு நாட்கள் காலையில் கேட்க வேண்டும்.”

முதல் மூன்று குறைகளுக்கு இந்த அளவு எழுதுங்கள். கீழே உள்ளவற்றுக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். எல்லாக் குறைக்கும் ஒரே நீளத்தில் எழுதினால், வரிசை என்று நீங்கள் சொன்னதை உங்கள் விடையே நம்பாததுபோல ஆகிவிடும்.

வார்த்தையை மாத்தினா பதில் நிஜமாவே மாறுமா? விடையில காட்ட ஏதாவது ஆதாரம் இருக்கா?

நன்றாகவே மாறும். டொனால்ட் ரக் 1941-இல் வெளியிட்ட ஒப்பீடு இன்றும் பாடங்களில் வருகிறது. ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அமெரிக்கா “அனுமதிக்க வேண்டுமா” என்று கேட்டபோது 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். அதையே “தடை செய்ய வேண்டுமா” என்று வேறொரு குழுவிடம் கேட்டபோது, தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 46 சதவீதம்தான். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் நடைமுறையில் ஒன்றேதான். ஆனாலும் “தடை” என்ற சொல்லின் கடுமை பலரைப் பின்வாங்க வைத்தது.

வினா 4-ஐப் பற்றி எழுதும்போது இதை ஒரே வாக்கியத்தில் சேர்த்தால் போதும். அங்கே ஒரு சொல் செய்த வேலையை இங்கே மூன்று விஷயங்கள் சேர்ந்து செய்கின்றன: மருத்துவர்கள் என்ற அதிகாரம், எச்சரிக்கை என்ற சொல், கடைசியில் “அல்லவா”. இந்த மூன்றையும் தனித்தனியாகச் சுட்டிக்காட்டுங்கள். “தூண்டும் வினா” என்று பொதுவாகச் சொல்வதைவிட அது பல மடங்கு மேல்.

ரெண்டு எதிர்மறை வர்ற வினாவால ஒரு பெரிய சர்வேயே தப்பாப் போச்சுன்னு வகுப்புல சொன்னாங்க. அப்புறம் வினா 7 ஏன் இவ்வளவு கீழே?

நீங்கள் சொல்வது அமெரிக்காவில் ரோப்பர் நிறுவனம் 1992-இல் நடத்திய ஆய்வு. யூதர்களை நாஜிகள் கொன்றொழித்தது “நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா” என்ற பொருளில் கேட்டார்கள். 22 சதவீதம் பேர் சாத்தியம் என்றதாக முடிவு வந்து, பெரும் அதிர்ச்சியைக் கிளப்பியது. 1994-இல் வினாவைத் தெளிவாக மாற்றிக் கேட்டபோது அது ஏறத்தாழ 1 சதவீதமாகக் குறைந்தது. முதல் வினாவில் பலர் தாங்கள் நினைத்ததற்கு நேர்மாறான பதிலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அந்த ஆய்வில் அந்த வினாதான் மையம். இந்த வினாநிரலில் வினா 7 கேட்பது கைபேசியைப் பிரிந்திருப்பது கடினமா என்பதை. அது நம் இரண்டு மாறிகளில் ஒன்றாக இல்லை. “ஆம்” என்றவர் எதற்கு ஆம் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது என்பதால் அந்த வினாவின் தரவைப் பயன்படுத்தவே முடியாது. ஆனால் அதை விட்டுவிட்டு மேலே போக முடியும். வினா எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்பதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவை எவ்வளவு கெடுக்கிறது என்பதையே பாருங்கள்.

பேர், பதிவு எண் கேட்கறது அறநெறிக் குறை. அறம்னா எப்பவும் முதல் இடம்தானே?

பதிலளிப்பவருக்குத் தீங்கு வரக்கூடிய இடத்தில் ஆம். போதைப்பொருள், வன்முறை, தற்கொலை எண்ணம் போன்றவற்றைப் பற்றிப் பெயரோடு கேட்கும் வினாநிரல் என்றால், தரவின் தரத்தைப் பேசுவதற்கு முன்பே “இதை இப்படியே நடத்தக் கூடாது” என்று முதல் வரியில் எழுதிவிடுங்கள். அங்கே மூன்று சோதனைகளும் தேவையில்லை.

இங்கே கேட்பது கைபேசியும் தூக்கமும். தீங்கு குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. பதில்கள் கல்லூரியின் கைக்குப் போகுமோ என்ற பயம் வரும், சம்மதம் பெற்றதாகவும் எங்கும் தெரியவில்லை. அந்தப் பயம் தரவையும் கெடுக்கும். நாள் முழுக்கக் கைபேசி பார்ப்பவரும் வினா 3-க்கு “இல்லை” என்று எழுதுவார். இந்த இரண்டு பக்கத்தையும் எழுதி நான்காவதாக வையுங்கள். திருத்தத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: ஏழு நாள் பதில்களை ஒரே ஆளோடு இணைக்க ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். “பெயரை நீக்குக” என்று மட்டும் எழுதினால் உங்கள் மற்றத் திருத்தம் நடக்காது. பெயருக்குப் பதிலாகப் பதிலளிப்பவரே உருவாக்கிக்கொள்ளும் ஒரு குறியீடு என்று எழுதுங்கள்.

மாதிரி எடுத்த விதமும் சரியில்லைன்னு சேர்த்து எழுதலாமா?

வினாத்தாள் அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் மட்டும், வினாநிரலின் குறைகளை முடித்த பிறகு தனிப் பத்தியாக எழுதுங்கள். யாரிடம், எப்படிக் கொடுத்தார்கள் என்ற தகவலே இல்லாதபோது “மாதிரி போதாது” என்று எழுதினால் அது ஊகம்.

விடுபட்ட கைபேசி நேர வினாவை நாமே எழுதணும்னா, மணி நேரத்தை ஆப்ஷனா குடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் ஆப்ஷன்களே பதிலை நகர்த்தும் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். நோர்பர்ட் ஷ்வார்ட்ஸும் சக ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மனியில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு குழுவுக்கு “அரை மணி நேரம் வரை” என்று தொடங்கி “இரண்டரை மணி நேரத்துக்கு மேல்” என்று முடியும் ஆப்ஷன்கள். இன்னொரு குழுவுக்கு “இரண்டரை மணி நேரம் வரை” என்பதிலேயே தொடங்கி மேலே போகும் ஆப்ஷன்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 16.2 சதவீதம், இரண்டாவதில் 37.5 சதவீதம். பட்டியலின் நடுவில் இருப்பதுதான் சாதாரணம் என்று மனிதர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அதனால் எண்ணாக எழுதச் சொல்வதே மேல்: “நேற்று இரவு தூங்க முயலும் முன், கடைசி இரண்டு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் கைபேசித் திரையைப் பார்த்தீர்கள்?” “படுக்கும் முன்” என்பதை “கடைசி இரண்டு மணி நேரம்” என்று கட்டிப்போட்டது கவனிக்கத் தக்கது. இல்லாவிட்டால் வினா 3-இன் “அதிகம்” செய்த அதே தொல்லையை இதுவும் செய்யும். கைபேசியே காட்டும் திரைநேரப் பதிவைப் பார்த்து எழுதச் சொல்லலாம் என்று சேர்த்தால் இன்னும் நல்லது.

ரெண்டு குறை சமமாத் தெரிஞ்சா எதை மேலே வைக்கறது?

எத்தனை பேரைத் தொடுகிறது என்று பாருங்கள். வினா 8-இன் அளவுகோலில் மூன்று நல்ல பதில்களும் ஒரே ஒரு கெட்ட பதிலும் இருப்பதால், சுமாராகத் தூங்குகிறவர்கள் எல்லோரும் நல்ல பக்கமே போய்ச் சேர்வார்கள். வினா 2-இல் மாட்டுபவர்கள் சரியாக 18, 20 வயதானவர்களும், இடமே இல்லாத 22-க்கு மேற்பட்டவர்களும் மட்டும்தான். வயதை எண்ணாகக் கேட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. நோக்கத்தில் வயதுக் குழுக்களை ஒப்பிடுவதும் இருந்தால், மூன்றாவது பதிலில் கடைசியில் போட்ட இந்த வினா சட்டென்று மேலே ஏறிவிடும்.

குறைன்னு நினைச்சு எழுதினது குறையே இல்லைன்னா மார்க் போகுமா?

தவறான குறைக்குத் தனியாக மார்க் கழிக்காத திருத்துபவரும், அதைப் பார்த்ததும் மற்றவற்றையும் சந்தேகத்தோடு படிப்பார். இந்த வினாநிரலில் அடிக்கடி வரும் தவறான குற்றச்சாட்டு, “வினா 6-க்கு ஆப்ஷன்கள் கொடுக்கவில்லை” என்பது. எண்ணாக எழுதச் சொன்னதுதான் அந்த வினாவில் இருக்கும் ஒரே நல்ல விஷயம். ஏன் என்பது தொலைக்காட்சி ஆய்வைப் பற்றிய பதிலில் இருக்கிறது.

இன்னொன்று, “வினா 8-இல் நடுநிலைப் பதில் இல்லை” என்பது. நடுவில் ஒரு பதில் வேண்டுமா வேண்டாமா என்பதில் துறைக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. நல்லதும் கெட்டதும் இரண்டிரண்டாக இருந்திருந்தால் நடுநிலை இல்லாமலே அந்த அளவுகோலை ஏற்கலாம். எனவே சமநிலை இல்லாததைக் குறையாக எழுதுங்கள், நடுநிலை இல்லாததை விட்டுவிடுங்கள். அதேபோல வினா 3-ஐ “ஆம்/இல்லை வடிவம்” என்பதற்காகத் தாக்க வேண்டாம். “நேற்று இரவு படுக்கையில் கைபேசி பார்த்தீர்களா?” என்று கேட்டிருந்தால் ஆம்/இல்லையே சரியான வடிவம். அங்கே பழி முழுக்க “அதிகம்” என்ற சொல்லின் மேல்தான்.